அருந்ததி ரீச்சரின் சிவப்புக் கோடுகள்

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு அருந்ததிக்கு வலது கை எழும்பவில்லை. அதைவிட அவளை வருத்தியவை சொற்கள். குடையைக் கேட்க நினைத்து, "அந்தக் கத்தரிக்காயை எடுங்கோ" என்பாள். சிலவேளை சொன்ன கையோடு தன் காதிலேயே பிழை விழும். சிலவேளை விழாது. கணவர் சுதாகரனின் முகத்தைப் பார்த்துத்தான் அறிந்துகொள்வாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணிடம், "எழுத்து?" என்று மட்டும் கேட்டாள்.

"எழுதேக்கையும் இடறும் ரீச்சர். நீங்கள் சரியெண்டு நினைச்சு எழுதிறது பிழையா இருக்கலாம். போகப் போகச் சரிவரும்."

கடைசியாகச் சொன்னது அருந்ததியின் காதில் ஏறவில்லை. நல்லூரில் றஞ்சித் மாஸ்டரின் கல்வி நிலையத்தில் அவள்தான் தமிழ் ரீச்சர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் பிள்ளைகள் அவளிடம் படிக்கவென்று கோண்டாவிலிலிருந்தும் சைக்கிளில் வந்தார்கள். சாதாரணதரப் பரீட்சை எடுக்கும் பிள்ளைகளுக்கு, வாசித்துப் பதில் எழுதுகிற கிரகித்தல் பயிற்சிக்கு அவள் எந்தப் புத்தகத்திலிருந்தும் பத்தி எடுப்பதில்லை. தானே சின்னச் சின்னக் கதையாக எழுதி, கீழே கேள்வி போடுவாள். கையால் எழுதிக் கொடுத்தால் நிலையத்தில் யாராவது தட்டச்சு செய்வார்கள். இனி அதற்கும் கை இல்லை.

நோர்வேயில் இருந்த மகள் தர்சினி ஒரு லப்டொப் வாங்க ஒழுங்கு செய்தாள். அங்கிருந்தபடியே இணையம் வழியாக அதற்குள் புகுந்து, ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழில் விழுகிற ஒரு மென்பொருளையும் போட்டுவிட்டாள். "இடது கை ஒரு விரல் போதும் அம்மா. அவசரம் இல்லை. உங்கடை கிரகித்தலை நீங்களே அடியுங்கோ" என்று வீடியோவில் சொன்னாள். அருந்ததி சிரித்தாள். வருத்தம் வந்த பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் சுதாகரன் பார்த்தார்.

அவள் ஒரு சொல்லுக்கு ஒரு நிமிடம் எடுத்து அடித்தாள். முதல் வரி முடிந்தபோது சாப்பாட்டு மேசைக்கு அப்பால் இருந்த கணவரைக் கூப்பிட்டாள்.

"இஞ்சருங்கோ, இதென்ன?"

சுதாகரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். ஒவ்வொரு சொல்லின் கீழும் நெளிநெளியாய்ச் சிவப்புக் கோடு. ஒரு சொல் தப்பவில்லை. அவர் நில அளவைத் திணைக்களத்தில் வேலை செய்தவர். அறிக்கைகள் எல்லாம் ஆங்கிலத்தில் அடித்துப் பழகியவர்.

"எழுத்துப் பிழை எண்டால் உப்பிடித்தான் கோடு வரும். எங்கடை கந்தோரிலையும் வாறது" என்றார்.

"எல்லாமோ?"

"மிசின் பிழை விடாதுதானே. நீர் மெல்ல மெல்லப் பாத்துத் திருத்தும்."

வேறு எதையும் யோசிக்காமல் சொன்ன பேச்சு அது. சொல்லிவிட்டு, அடுப்பில் கொதித்த தண்ணீரை இறக்கப் போய்விட்டார். சமையல் அப்போது அவர் பொறுப்பு.

ஒரு கிழமைக்கு மேல் அவள் அந்த மேசையில்தான் இருந்தாள். அவர் தேத்தண்ணி கொண்டுபோய் வைக்கும்போதெல்லாம் திரை சிவந்து கிடந்தது. முப்பது வருடம் பிள்ளைகளின் கொப்பிகளில் சிவப்புப் பேனையால் கோடு போட்டவள் அவள். அந்தக் கோட்டுக்கு அவளுக்குத் தெரிந்த கருத்து ஒன்றுதான்.

"தர்சினியைக் கேட்டுப் பாப்பமே?" என்றார் ஒருநாள்.

"வேண்டாம்." உடனே வந்தது சொல். பிறகு தேடித் தேடிச் சொன்னாள். "அவளுக்குச் சொல்லாதேயுங்கோ. அம்மாவுக்குத் தமிழும் போயிட்டுது எண்டு… அவள் அங்கை இருந்து அழுவாள்."

மறுநாள் லப்டொப்பை மூடித் துணி போட்டு வைத்துவிட்டாள். றஞ்சித் மாஸ்டர் பார்க்க வந்து, "எப்ப வாறியள் ரீச்சர்? பிள்ளையள் கேட்டபடி" என்றபோது, தலையை ஆட்டி, "வேறை ஆளைப் பாருங்கோ" என்றாள். சுதாகரன் பக்கத்தில்தான் இருந்தார். அவருக்கும் அது நல்லதாகவே பட்டது. மனுசி ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தார்.

அவள் ஆறுதலாக இருக்கவில்லை. பேச்சைக் குறைத்தாள். வாயைத் திறந்து, சொல் சரியோ என்று ஒருதரம் யோசித்து, மூடிவிடுவாள். பயிற்சிக்கு வந்த பெண், "முந்தி இதைவிட நல்லாக் கதைச்சா" என்று சுதாகரனிடம் தனியாகச் சொன்னாள். ஐப்பசி மழை தொடங்கிய ஒரு காலையில் பக்கவாதம் இரண்டாவது தரம் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு அவள் கண் திறக்கவில்லை.

தர்சினி வந்துசேர்ந்த அன்றே செத்தவீடு நடந்தது. எட்டுச்செலவுச் சடங்கும் முடிந்து, வந்த சனமெல்லாம் போன பிறகு வீட்டில் அப்பாவும் மகளும்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடிக்க வேண்டும். அதில் போட அருந்ததியின் வாழ்க்கைக் குறிப்பை எழுதித் தரும்படி அச்சகத்தில் கேட்டிருந்தார்கள்.

"நான் எழுதிறன்" என்றார் சுதாகரன். துணியை எடுத்துவிட்டு லப்டொப்பைத் திறந்து, மகளிடம் கேட்டுக் கேட்டு அடித்தார். 'அமரர் திருமதி அருந்ததி சுதாகரன் அவர்கள் சண்டிலிப்பாயில் பிறந்தார்.' அடித்துவிட்டுத் திரையைப் பார்த்தபடி இருந்தார். அத்தனைக்கும் கீழே சிவப்பு. மனைவியின் பெயருக்குக் கீழேயும் சிவப்பு.

"பிள்ளை, எனக்கும் பிழை வருது. 'பிறந்தார்' எண்டது பிழையே?"

தர்சினி பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தாள். "அது பிழை இல்லை அப்பா. மொழி மாறிக் கிடக்கு. இஞ்சை கீழை பாருங்கோ, இங்கிலீஷ் எண்டு போட்டிருக்கு. நாங்கள் தமிழிலை அடிக்கிறம் எண்டு இதுக்குத் தெரியாது. இங்கிலீஷ் அகராதியிலை தேடிப் பாத்திட்டு, இல்லையெண்டு கோடு போடுது."

"எல்லாத்துக்குமோ?"

"என்னத்தைத் தமிழிலை அடிச்சாலும் போடும். போட்டுத் தரேக்கை நான் மாத்தாமல் அப்பிடியே விட்டிட்டன். ஆரெண்டாலும் கேட்பியள் எண்டு நினைச்சன்."

சுதாகரன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். "அப்ப அம்மா அடிச்சது?" என்றார்.

தர்சினிக்கு விளங்கவில்லை. அவர் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு சொல்லிலும் கோடு வந்ததையும், தான் வந்து பார்த்ததையும், மிசின் பிழை விடாது என்று சொன்னதையும், தர்சினிக்குச் சொல்ல வேண்டாம் என்று அவள் மறித்ததையும் சொன்னார். சொல்லும்போது மகளைப் பார்க்கவில்லை.

"எனக்கு ஒரு போன் கோல் எடுத்திருக்கலாமே அப்பா" என்று தர்சினி கத்தினாள். "ஒரேயொரு கோல். ஒரு நிமிசத்து வேலை." பிறகு அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அவர் அழவில்லை. "திற" என்றார். "அம்மாவின்ரையைத் திற."

அந்தக் கோப்பைத் திறந்ததும் பக்கம் முழுக்கச் சிவப்பு. தர்சினி முழுவதையும் தெரிவு செய்தாள். கீழே 'இங்கிலீஷ்' என்று இருந்த இடத்தில் அழுத்தினாள். நீளமான பட்டியல் ஒன்று வந்தது. அதில் தமிழைத் தேடிப் பிடித்து, சரி என்று கொடுத்தாள். கோடுகள் அத்தனையும் ஒரேயடியாகப் போயின. வெள்ளைப் பக்கத்தில் கறுப்பு எழுத்து மட்டும் நின்றது.

"அப்ப எல்லாம் சரி?" என்றார் சுதாகரன்.

தர்சினி தலையை ஆட்டினாள். மேலே மஞ்சளாய் வந்திருந்த அறிவித்தலைக் காட்டினாள். "அப்பிடி இல்லை அப்பா. இந்த லப்டொப்பிலை தமிழ் அகராதி இல்லை. அதாலை இது இனிப் பிழையும் பாக்காது, சரியும் பாக்காது. கோடு வந்ததுக்கும் கருத்தில்லை, போனதுக்கும் கருத்தில்லை. நாங்கள்தான் வாசிச்சுப் பாக்கோணும்."

மனைவி எழுதிய கிரகித்தல் ஒன்றையும் சுதாகரன் அதுவரை வாசித்ததில்லை. இப்போது வாசித்தார். சண்டிலிப்பாயில் வெங்காயத் தோட்டத்தில் களை பிடுங்கிய ஒரு பெண்ணின் மோதிரம் தொலைந்துபோகிறது. ஊர் முழுக்கச் சேர்ந்து மண்ணைக் கிளறுகிறது. கடைசியில் மோதிரம் அவளுடைய மறு கை விரலில் இருக்கிறது. 'ஊரவர்கள் ஏன் அவளைத் திட்டாமல் சென்றனர்?' என்று முதல் கேள்வி. அவருக்குச் சிரிப்பு வந்தது. அவள் இப்படி விளையாட்டாக எழுதுவாள் என்று அவருக்குத் தெரியாது. ஒரு பிழையும் இல்லை. ஒற்றெழுத்துக்கூடத் தவறவில்லை. தர்சினி இரண்டாந்தரமும் வாசித்துப் பார்த்துவிட்டு, "ஒண்டும் இல்லை அப்பா" என்றாள்.

அடுத்த கதையில்தான் பிழை தொடங்கியது. மழை நாளில் பள்ளிக்கூட மதிலில் ஏறிய ஆட்டைப் பற்றிய கதை. தலைப்பில் 'பள்ளிக்கூடம்' சரியாக இருந்தது. இரண்டாம் வரியில் அது 'பள்ளிகூடம்' ஆகியிருந்தது. பிறகு 'பள்ளிக்குடம்', அதற்குக் கீழே 'பல்லிக்கூடம்'. 'மழை' ஓரிடத்தில் 'மளை'. கோடு போகட்டும் என்று சரியாக இருந்த சொற்களையே அவள் தேடித் தேடி மாற்றியிருக்கிறாள் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. கதை பாதியில் நின்றது. கீழே வெறும் இடம். அதற்கும் கீழே நான்கு சொற்கள்.

அம்மா
அமமா
அம்ம
அம்மா

சுதாகரன் அந்த இடத்தில் விரலை வைத்தார். "இதுக்கும் கோடு வந்திருக்கும்" என்றார். "முதல் அடிச்சதுக்கும் வந்திருக்கும். கடைசியா அடிச்சதுக்கும் வந்திருக்கும்." அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். தர்சினி அவரை அழவிட்டாள்.

மறுநாள் பின்னேரம் அவரே லப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டார். வெங்காயத் தோட்டத்துக் கதையை அப்படியே றஞ்சித் மாஸ்டரிடம் கொடுப்பது என்று தீர்மானித்திருந்தார். ஆட்டின் கதையையும் திருத்திக் கொடுக்க நினைத்தார்.

"அது முடியேல்லையே அப்பா."

"முடிஞ்ச மட்டிலை போதும். மிச்சத்தைப் பிள்ளையள் எழுதட்டும். ஆனா இந்தப் பிழையளோடை அவவின்ரை பேரிலை போகக்கூடாது."

பள்ளிக்கூடத்தை ஒவ்வோரிடமாகப் பள்ளிக்கூடம் ஆக்கினார்கள். மழையை மழை ஆக்கினார்கள். தர்சினி வாசிக்க, அவர் ஒற்றை விரலால் அடித்தார். ஆடு மதிலில் இருந்து வகுப்பறைக்குள் பாய்கிற இடத்தில் தர்சினி நின்றாள்.

"இஞ்சை 'சுவரில்' எண்டும் கிடக்கு, 'சுவற்றில்' எண்டும் கிடக்கு. எது முதல் அடிச்சது எண்டு தெரியேல்லை. எதப்பா சரி?"

சுதாகரன் யோசித்தார். இரண்டும் கேட்ட மாதிரித்தான் இருந்தது. திரையைப் பார்த்தார். அங்கே ஒரு கோடும் இல்லை.

"தெரியேல்லைப் பிள்ளை" என்றார். பிறகு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "உள்ளை போய் அம்மாவைக் கேள்" என்றார்.

தர்சினி எழும்பவில்லை. தான் சொன்னது அப்போதுதான் தன் காதில் விழ, அவர் மெல்ல அவள் பக்கம் திரும்பினார்.