சட்டைப் பையில் இருந்த ஃபியூஸ் கட்டைகள்

தொண்டூர் இளையபெருமாளுக்கு அது இரண்டாவது பரீட்சை. போன வருஷம் நாலு மார்க்கில் போய்விட்டது. மூன்றாவது வாய்ப்பு கிடையாது என்று விதியிலேயே அச்சடித்திருந்தார்கள். இந்த 1966-லும் போய்விட்டால் ஒயர்மேன் சான்றிதழைப் பற்றி இனி பேசவே வேண்டாம். வயல் கூலிக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். நைனாவும் தாத்தாவும் செய்த கூலி அது. அவன் நான்கு வருஷமாக அதிலிருந்து தப்பிக்கத்தான் செஞ்சிக்கு முதல் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான்.

பரீட்சை நடந்தது செஞ்சி யூனியன் ஆபீசுக்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கொட்டகையில். பலகையால் ஒரு சுவர் அடித்து வைத்திருந்தார்கள். அதில் ஒரு விளக்கு, அதற்கு ஒரு சுவிட்ச், மூன்று ஓட்டை பிளக் ஒன்று, எல்லாவற்றுக்கும் தலைமாட்டில் இரும்புப் பெட்டி மெயின் ஒன்று. படத்தில் இருக்கிறபடி, ஒயரைத் தாங்கும் தேக்குச் சட்டமான ரீப்பர் அடித்து, கிளிப் போட்டு, ஒயர் இழுத்து, மத்தியானம் ஒரு மணிக்குள் முடிக்க வேண்டும். பரீட்சைக்கு வந்த மற்ற மூன்று பேரும் முந்தின நாளே முடித்துவிட்டார்கள். இன்றைக்கு இவன் ஒருத்தன்தான்.

பரீட்சகர் பாண்டுரங்கன் கடலூரிலிருந்து வந்தவர். மின்சார இலாகாவில் இருபது வருஷம். தாமதம் அவருக்குப் பிடிக்காது, எதிர்ப்பேச்சு அதைவிடப் பிடிக்காது. ஒன்பது மணிக்கு மார்க்குத் தாளை எடுத்து உரக்கப் படித்தார். பாதுகாப்புக்கு நாற்பது, துல்லியத்துக்கு முப்பத்தைந்து, நேர்த்திக்கு இருபத்தைந்து. அறுபத்தைந்து வந்தால் பாஸ். பாதுகாப்பிலேயே ஐந்து பிரிவு: கருவிகளைக் கையாள்வதற்கு ஐந்து, சுவிட்ச் கரண்ட் வரும் ஃபேஸ் ஒயரில் இருக்கிறதா என்பதற்குப் பத்து, கசியும் கரண்டை மண்ணுக்கு அனுப்பும் எர்த்துக்குப் பத்து, வேலை முடியும்வரை ஃபியூஸ் கட்டையைத் தன்னிடமே வைத்திருந்தானா என்பதற்குப் பத்து, பரீட்சகர் சொன்னபடி நடந்தானா என்பதற்கு ஐந்து.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

புரியாமல் என்ன? அவன் அதை மனப்பாடமாகவே வைத்திருந்தான். போன வருஷம் அவனைக் கவிழ்த்தது நேர்த்திதான். ரீப்பர் ஒரு பக்கம் சரிந்திருந்தது. எலக்ட்ரிக் கடை முதலாளி சுந்தரமூர்த்தி அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வருஷம் ஓட்டிவிட்டார். "கோணல் ரீப்பர் வர்றான் பாரு" என்று பஜாரில் வைத்துச் சிரிப்பார். அவரிடம்தான் இவன் பயிற்சியாள். பாஸானால் கடையின் ஒயரிங் வேலை முழுவதையும் அவனிடம் தருவதாகவும் அவரேதான் சொல்லியிருந்தார். மனுஷன் கெட்டவரில்லை, வாய்தான் சும்மா இருக்காது.

முதல் வேலையாக இளையபெருமாள் மெயின் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் இரண்டையும் உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கட்டை நம் பையில் இருந்தால் எந்தப் பெரிய மனுஷன் வந்து சுவிட்சைத் தட்டினாலும் கரண்ட் வராது. பிறகு உளியும் சுத்தியலும் எடுத்தான். பதினோரு மணிக்கெல்லாம் ஒயர் இழுத்தாயிற்று.

அப்புறம்தான் அவனுக்குச் சனி பிடித்தது. நாலடி தள்ளி நின்று பார்த்தான். மெயினிலிருந்து சுவிட்சுக்குப் போகிற ரீப்பர் ஒரு நூல் அளவு சாய்ந்த மாதிரி இருந்தது. தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தால் அரை நூல் கூட இல்லை. யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் "கோணல் ரீப்பர்" என்ற சொல் காதில் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தச் சொல்லுக்காகவே மெயினில் இணைத்த ஒயரைக் கழற்றி, ரீப்பரைப் பெயர்த்து, மறுபடி அடித்து, மறுபடி ஒயரை உள்ளே நுழைத்தான். அந்த வீம்பு ஒன்றரை மணி நேரத்தைத் தின்றது.

பன்னிரண்டு நாற்பதுக்கு வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. யூனியன் தலைவர் வந்தார். கூடவே சுந்தரமூர்த்தி, முகமெல்லாம் பல்லாக. தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவர் வருகிறார் என்று சற்று முன்புதான் தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். சிமெண்டு இன்னும் காயவில்லை.

"நம்ம பசங்க கரண்டு வேலை கத்துக்கிறானுங்கன்னா பெருமதான். இன்னாப்பா, லைட்டு எரியுதா?" என்றபடி தலைவர் பலகைச் சுவருக்கு அருகில் வந்து, மெயின் பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"இப்பவே எரியும் ஐயா" என்றார் சுந்தரமூர்த்தி. "பெருமாளு, தலைவருக்கு ஒரு தடவ போட்டுக் காட்டு."

இளையபெருமாள் தலையை ஆட்டினான். "இன்னும் எர்த் கட்டல மொதலாளி. மெக்கர் வெச்சும் பாக்கல."

பாண்டுரங்கன் கடிகாரத்தைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். "லைட் எரியறதுக்கு எர்த் எதுக்குய்யா? எர்த்தை அப்புறம் கட்டிக்க. கட்டையை மாட்டு."

"முடியல சார்."

"என்ன முடியல?"

"வேல முடியல சார். முடியாம மாட்ட மாட்டேன்."

சுந்தரமூர்த்தியின் பல்லெல்லாம் உள்ளே போய்விட்டது. "டேய், யாருகிட்ட பேசுறேன்னு தெரியுதா? சார் சொல்றாருடா, மாட்டுடா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். பாண்டுரங்கனுக்குக் காது சிவந்தது. கையை நீட்டினார். "கட்டையை என்கிட்ட குடு. நான் மாட்டுறேன்."

இளையபெருமாளின் கை தானாகச் சட்டைப் பையை மூடிக்கொண்டது. கொடுத்துவிட்டால் என்ன, விளக்கு எரியும், கை தட்டுவார்கள், இந்த மனுஷர் சிரித்துக்கொண்டே மார்க்கு போடுவார். கொடுக்காவிட்டால் பெண்டாட்டி வசந்தாவுக்கு என்ன பதில் சொல்வது? கல்யாணமாகி ஆறு மாசம், அவள் ஒருத்தியின் கூலியில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. இத்தனையும் ஒரு நொடியில் ஓடியது. ஆனாலும் கை பையை விட்டு நகரவில்லை.

"மன்னிச்சுக்கங்க சார். தர மாட்டேன்."

தலைவர் சிரித்து மழுப்பினார். "சரி சரி, பரீச்ச நடக்கட்டும். நமக்கு மேல்மலையனூர்ல வேற வேல இருக்குது." கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சுந்தரமூர்த்தி அவர் பின்னாலேயே ஓடினார். பாண்டுரங்கன் நாற்காலியில் உட்கார்ந்து, மார்க்குத் தாளில் ஏதோ ஒரு இடத்தில் அழுத்தி எழுதினார். நிப் கீறிய சத்தம் சுவர்வரை கேட்டது. என்ன எழுதினார் என்று ஊகிக்க இளையபெருமாளுக்குப் படிப்பு தேவையில்லை. "பதினாலு நிமிஷம் இருக்கு" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

எர்த் ஒயரைப் பிளக்கிலும் மெயின் பெட்டியிலும் முறுக்கிக் கட்டினான். விளக்கைக் கழற்றி, சுவிட்சைப் போட்டுவிட்டு, கரண்ட் கசிவைக் காட்டும் மெக்கரை எடுத்தான்; முள் உச்சிக்கு ஏறினால் நல்லது, சைபரில் விழுந்தால் கசிவு. ஒரு முனை ஒயரில், ஒரு முனை எர்த்தில். கைப்பிடியைச் சுற்றினான்.

முள் சைபரில் போய் விழுந்தது.

மறுபடி சுற்றினான். சைபர். அட கடவுளே! ஒயரில் எங்கோ தோல் உரிந்து இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. எர்த் கட்டாமல் இருந்திருந்தால் மெக்கருக்கும் இது தெரிந்திருக்காது. விளக்கும் ஜோராக எரிந்திருக்கும்.

சொல்லாமல் சரிசெய்ய முடியுமா? பரீட்சகர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். முள்ளை அவர் பார்க்கவில்லை. ஆனால் முடித்த பிறகு அவரே மெக்கர் வைத்துப் பார்ப்பார். அப்போது மாட்டிக்கொள்வதா, இப்போதே வாயைத் திறப்பதா?

"சார், மெக்கர் சைபர் காட்டுது. என் தப்புதான். தேடிப் பாக்குறேன்."

பாண்டுரங்கன் எழுந்து வந்தார். இளையபெருமாள் மெயின் பெட்டியின் மூடியைத் திறந்து, ஃபேஸ் ஒயரைக் கழற்றி இழுத்தான். பெட்டியின் ஓட்டை வழியாக ஒயர் வெளியே வந்தது. இரும்பு விளிம்பு கத்தி மாதிரி அறுத்து, உள்ளே செம்பு பளபளத்தது. ஓட்டையில் இருக்க வேண்டிய ரப்பர் வளையத்தைக் காணோம். ரீப்பரைப் பெயர்த்தபோது கழற்றியவன் திருப்பிப் போட மறந்திருக்கிறான். வளையம் கருவிப் பையின் ஓரத்தில் சாவதானமாகக் கிடந்தது. அரை நூல் கோணலுக்காகச் செய்த வேலையின் லட்சணம் இது! தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போல அவனுக்கு ஆத்திரம் வந்தது.

அறுபட்ட துண்டை வெட்டி எறிந்தான். வளையத்தை மாட்டினான். ஒயர் இரண்டு அங்குலம் குட்டையாகிவிட்டது. இழுத்துப் பிடித்து முறுக்கியதில் ரீப்பர் மேல் ஒயர் விறைத்துக்கொண்டு, இரண்டு கிளிப் பிய்ந்துவிட்டது. பார்க்கவே கண்றாவி. மெக்கரைச் சுற்றினான். முள் ஏறி உச்சிக்குப் போய் நின்றது. விளக்கைத் திரும்ப மாட்டினான்.

"முடிஞ்சுது சார்." பையிலிருந்து இரண்டு கட்டைகளையும் எடுத்து மாட்டினான். விளக்கு எரிந்தது. கை தட்ட ஆள் இல்லை. மணி ஒன்று அடிக்க ஒரு நிமிஷம் இருந்தது.

பாண்டுரங்கன் டெஸ்ட் லாம்ப்பை வைத்துப் பார்த்தார். சுவிட்ச் ஃபேஸில்தான் இருந்தது. ஸ்கேல் வைத்துக் கிளிப்புகளை அளந்தார். பிறகு தரையில் கிடந்த அறுபட்ட ஒயர்த் துண்டை எடுத்துக்கொண்டு நாற்காலிக்குப் போனார். கூட்டல் போட நெடுநேரம் ஆயிற்று.

"இங்க வா" என்றார். தாளைத் திருப்பிக் காட்டினார். நேர்த்தி ஒன்பது. துல்லியம் பதினெட்டு; மெக்கர் பிரிவின் பதினைந்தில் ஐந்துதான், தானாகக் கண்டுபிடித்துச் சரிசெய்ததற்காக. பாதுகாப்பு முப்பத்தைந்து. கடைசிப் பிரிவில், பரீட்சகர் சொன்னபடி நடந்தானா என்ற இடத்தில், கொட்டையாக ஒரு சைபர். மொத்தம் அறுபத்திரண்டு.

இளையபெருமாள் குனிந்து தாளைப் பார்த்தான். மூன்று மார்க்கு குறைகிறது. "சரி சார்" என்றான். "நீங்க சொன்னத நான் கேக்கல, சைபர் நியாயந்தான். ஆனா இன்னொரு தடவ சொன்னாலும் நான் மாட்ட மாட்டேன் சார்."

பாண்டுரங்கன் ஒயர்த் துண்டை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார். "நான் கட்டையைக் கேட்டப்ப தலைவர் கை எங்க இருந்துச்சு?"

"மெயின் பெட்டி மேல சார்."

"காலுல செருப்பு?"

"இல்ல சார். தர ஈரமா இருந்துச்சு."

அவர் எழுந்து ஜன்னலண்டை போனார். அறுபட்ட ஒயர் தொட்டுக்கொண்டிருந்த, எர்த் இல்லாத அந்தப் பெட்டியில், கட்டையை மாட்டிய நொடியே கரண்ட் ஏறியிருக்கும். இருபது வருஷ சர்வீசில் அவர் யாரையும் கொன்றதில்லை. இன்று பன்னிரண்டே முக்காலுக்குக் கொன்றிருப்பார், அதுவும் வாயால் ஒரு உத்தரவு போட்டு. பையன் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். சைபரை ஒரே கோடாக அடித்தார். பக்கத்தில் ஐந்து என்று எழுதினார். குறிப்பு எழுதும் இடத்தில் பேனா இரண்டு மூன்று தடவை தயங்கியது. பிறகு நிறுத்தாமல் எழுதினார். எழுதியதை இளையபெருமாள் தலைகீழாகவே படித்தான்: 'வேலை முடியுமுன் ஃபியூஸ் மாட்டும்படி நான் இட்ட உத்தரவு தவறு. பரீட்சார்த்தி மறுத்தது சரி. மறுத்திராவிட்டால் உயிர்ச்சேதம் நேர்ந்திருக்கும்.' கீழே முழுப் பெயர், பதவி, தேதி. மொத்தம் அறுபத்தேழு.

இளையபெருமாளுக்கு முதலில் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. "சார், இத மேல படிச்சா உங்க வேலைக்கு எதனா ஆவாதா?"

"ஆகும்" என்றார் பாண்டுரங்கன். மையை ஊதிக் காய வைத்தார். தாளை மடித்து உறையில் போட்டு ஒட்டினார். "ஒட்டியாச்சு. போய் மெயினை ஆஃப் பண்ணு."