நான்காவது மாதச் சோதனை

கமலாவுக்கு வாசனை தெரியாது. கொரோனா வந்து போன பிறகு மூக்கு அப்படியே நின்றுவிட்டது. மல்லிகைப் பூவும் மண்ணெண்ணெயும் அவளுக்கு ஒன்றுதான். பால் பொங்கிக் கருகினாலும், பக்கத்து வீட்டில் மீன் வறுத்தாலும் அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் கண்ணுகளா, பிறகு நடந்ததெல்லாம் இதனால்தான்.

தெலுங்கு பேசும் ஊரான ராமச்சந்திராபுரத்தில் மூன்றாம் மாடியில் சின்ன வீடு. கணவன் புருஷோத்தமன் பெரிய தொழிற்சாலையின் ஸ்டோரில் ஒப்பந்த வேலை பார்த்தான். விடிந்ததும் கம்பெனி பஸ். பிள்ளைகள் இல்லை. அவன் போன பிறகு அடுப்பங்கரையில் அவள் மட்டும்தான். கேஸ் கசிந்தால் அவளுக்குத் தெரியாது. அந்தப் பயம் அவளுக்கு எப்போதும் உண்டு.

"ஏங்க, நமக்கு இண்டக்‌ஷன் போதும்ங்க. நெருப்பும் வேணாம், கேஸும் வேணாம்" என்று அவள் கேட்டபோது அவன் உடனே சரி என்று சொல்லவில்லை. ஸ்டோரில் வேலை பார்க்கிறவன். எதையும் எடை போட்டுப் பார்த்துத்தான் நம்புவான்.

"எது லாபம்னு சோதிச்சுப் பாக்கலாம் கமலா. ஒவ்வொண்ணும் ஒரு மாசம்."

"நான் என்ன உங்க ஸ்டோர் சாமானா, சோதிச்சுப் பாக்க?"

"அரே, உன்னையா சோதிக்கிறேன்? அடுப்பைத்தான்."

முதல் மாதம் சிலிண்டர். மாதம் தொடங்கும்போது ஒரு தொங்கு தராசில் மாட்டி எடை பார்த்தான், முடியும்போது மறுபடி மாட்டினான். குறைந்த கிலோவை விலையோடு பெருக்கினான். ஒரு முழு சிலிண்டரில் கொஞ்சம் மிச்சம். கிட்டத்தட்ட எண்ணூற்றைம்பது ரூபாய்.

இரண்டாம் மாதம் இண்டக்‌ஷன். கமலாவின் முகத்தில் அந்த மாதம்தான் ஒரு தெளிவு இருந்தது. அலுமினியப் பாத்திரம் அதில் வேலை செய்யாது என்று புதிதாக இரண்டு எவர்சில்வர் பாத்திரம் வாங்கினாள். காலையில் ஒரு பயமும் இல்லாமல் சமைத்தாள்.

கரண்ட் பில் வந்த அன்று அந்தத் தெளிவு போயிற்று. அவர்கள் வீட்டில் ரேஷன் கார்டு உண்டு. மாதம் இருநூறு யூனிட்டுக்குள் இருந்தால் பில்லே கிடையாது. மின்விசிறி, ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் சேர்ந்து எப்போதும் நூற்றிருபது, நூற்றுமுப்பதில் நிற்கும். இண்டக்‌ஷன் அதற்கு மேல் இன்னும் ஒரு நூறு, நூற்றிருபது யூனிட் ஏற்றிவிட்டது. இருநூற்றைத் தாண்டினால் தாண்டிய அளவுக்கு மட்டும் பணம் கட்டினால் போதாது, முழுவதற்கும் கட்டவேண்டும். ஆயிரத்து நானூற்றுக்குப் பக்கம்.

"பாத்தியா? நக்கோ நக்கோ, வேணாம், இது நமக்கு ஆகாது" என்று அவன் இண்டக்‌ஷனைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தான்.

மூன்றாம் மாதம் குழாய் கேஸ். தெருவுக்கு அப்போதுதான் வந்திருந்தது. மீட்டர் மாட்ட வந்த தெலுங்குப் பையன் அடுப்பைக் கழற்றி, உள்ளே கேஸ் வரும் ஜெட்டுகளின் துளையைப் பெரிதாக்கினான். குழாயில் வரும் வாயு வேறு, அது மெல்ல வரும், அதற்குப் பெரிய துளை வேண்டும் என்றான். கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பவும் சொன்னான். இனி இந்த அடுப்பில் சிலிண்டர் மாட்டக்கூடாது, மாட்டினால் தீ அதிகமாகும்.

புருஷோத்தமன் தலையாட்டினான். கேட்டானா என்றால், கேட்டான்.

மாத முடிவில் மீட்டர் பார்த்தான். சிலிண்டருக்கும் குழாய்க்கும் ஐம்பது ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. அது அவனுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. நடுவில் ஊரிலிருந்து அவன் தங்கை குடும்பம் ஒரு வாரம் தங்கிவிட்டுப் போயிருந்ததே, அந்தக் கணக்கு எதில் சேர்ந்தது? இப்படியே விட்டால் சரியாக இருக்காது. சிலிண்டரை இன்னொரு மாதம் பார்க்கவேண்டும். சிலிண்டரை அவன் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தான். அதை மாற்றிப் புதிதாக ஒன்று வாங்கினான்.

"அந்தப் பையன் மாட்டக்கூடாதுன்னானேங்க?"

"அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நாம பழையபடி சிலிண்டருக்குப் போகக்கூடாதுன்னு. துளை பெரிசானா என்ன? சீக்கிரம் வேகும். கேஸும் மிச்சம். அதே அடுப்புல பாத்தாத்தான் கணக்கு சரியா வரும்."

குழாயின் ரப்பரைக் கழற்றினான், சிலிண்டரின் ரப்பரைச் செருகினான். அவ்வளவு சுலபமாக முடிந்தது.

தீ மஞ்சளாக, நாக்கு நாக்காக எழுந்து பாத்திரத்தின் இடுப்பைப் பிடித்தது. கமலா பின்னால் நகர்ந்தாள். "சிம்ல வெச்சுக்கோ" என்றான் அவன். சிம்மில் வைத்தாலும் அது நீலமாகவில்லை. அன்று சாம்பார்ப் பாத்திரத்தின் அடி கரிப்பிடித்துக் கறுத்தது. மறுநாள் பக்கங்களும் கறுத்தன. தேய்த்துத் தேய்த்து அவள் விரல் நகங்களுக்குள் கறுப்பு நின்றது.

ஜனவரி மாதம். குளிர் தாங்கவில்லை என்று ஜன்னலைச் சாத்தினாள். திறந்தால் புறா வேறு உள்ளே வரும். கீஸர் போட்டால் யூனிட் ஏறும் என்பதால் குளிக்கிற தண்ணீரும் அடுப்பில்தான். பெரிய அண்டாவில் வைத்துவிட்டு அங்கேயே காய் நறுக்குவாள். கண் எரிந்தது, வெங்காயம் என்று நினைத்தாள். தலை வலித்தது, பனி என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் இருப்பான், ஜன்னலைத் திறந்து வைப்பான், அன்று தலைவலி வராது. அதை அவள் கவனிக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, அவன் பஸ்ஸுக்குப் போன பிறகு, கால் கனக்கிறது என்று அடுப்பங்கரைத் தரையிலேயே உட்கார்ந்தாள். சுவரில் சாய்ந்தாள். மேலே அண்டாவைச் சுற்றி மஞ்சள் தீ ஆடிக்கொண்டிருந்தது. எழுந்து அணைக்கவேண்டும் என்று தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்து எழலாம் என்றும் தோன்றியது.

எதிர்வீட்டு சபீனா வாணியம்பாடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கறிவேப்பிலை கேட்க வந்தாள். கதவு தாழிடாமல் இருந்தது, நல்லவேளை. திறந்தவுடன் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"யா அல்லா! அக்கா, என்னக்கா இது நாத்தம்? எதுக்கு இப்படி எல்லாத்தையும் மூடிக்கினு உக்காந்திருக்கே?"

கமலாவின் கண் திறந்திருந்தது. பார்வை இல்லை.

சபீனா ரெகுலேட்டரைத் திருகி மூடினாள். ஜன்னலைத் தள்ளினாள். கமலாவின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, தரையோடு இழுத்து, வெளி வராந்தாவில் போட்டுக் கத்தினாள். மாடியெல்லாம் ஓடி வந்தது.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். சரியாக எரியாத வாயுவின் விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். சாயந்திரம் அவளுக்குப் பேச்சு வந்தது.

மறுநாள் அவளோடு வீட்டுக்குத் திரும்பியதும் புருஷோத்தமன் நேரே அடுப்பங்கரைக்குப் போனான். ஜன்னல் திறந்திருந்தும் சுவரில், துணியில், பரண் பலகையில் அரைகுறையாக எரிந்த கேஸின் நெடி ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் அங்கே நின்றான். கூடத்தில் கட்டிலில் கமலா படுத்திருந்தாள். சபீனா அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

அவன் வாசற்படியில் வந்து உட்கார்ந்தான்.

"என்ன வாசனைங்க அது?" என்று கமலா கேட்டாள். குரல் கம்மியிருந்தது. "சபீனா ரொம்ப நாத்தம்ங்கறா. எப்படி இருந்துச்சு?"

வாசலில் கிடந்த ஷூவை அவன் ஓரமாகத் தள்ளினான்.

"தினம் வந்துச்சு கமலா. காலைல இங்க ஷூ மாட்டும்போது தினமும் வந்துச்சு. எனக்குத் தெரிஞ்சுது." அவன் கால் விரல்களைப் பார்த்தான். "நீ ஒண்ணும் சொல்லலையேன்னு நினைச்சுக்கினு போயிட்டேன்."

சபீனாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. கமலா அவனைப் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.