நான்காவது பாரா

பெரியவர்கள் வாயால் சொல்வதை உத்தரவாக்கிக் காகிதத்தில் இறக்கும் வேலையில் வேதாசலத்துக்கு இணை அந்தப் பொதுத்துறைக் கம்பெனியில் யாரும் இல்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் அவருக்குக் கூச்சமும் இல்லை. செகந்தராபாத் பக்கம் பேகம்பேட்டில் இருந்த தலைமை அலுவலகத்தில், பெர்சனல் பிரிவின் சூப்பரின்டெண்டாக ஒரே நாற்காலியில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தார்.

அவருக்கென்று ஒரு முறை உண்டு. ஜெனரல் மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னதை, சீட்டுக்குத் திரும்பிய கையோடு ஒரு கோடு போட்ட நோட்டில் இடது பக்கம் எழுதிவிடுவார். அவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே, திட்டியிருந்தால் திட்டோடு. வலது பக்கம் டிராஃப்ட். பிறகு ஸ்டெனோ ஜலஜா இடது பக்கத்தைச் சத்தமாகப் படிக்க, அவர் வலது பக்கத்தில் விரலை ஓட்டிக்கொண்டு வருவார். இடதில் சொன்னது வலதில் விட்டுப்போயிருந்தால் ஓரத்தில் பென்சில் கேள்விக்குறி. இடதில் இல்லாதது வலதில் முளைத்திருந்தாலும் கேள்விக்குறி. ஒவ்வொன்றையும் துரையிடம், அதாவது ஜெனரல் மேனேஜரிடம், கேட்டுத் தீர்த்த பிறகுதான் நகலெடுக்க ஸ்டென்சில் வெட்ட அனுமதி. மற்ற பிரிவுகளின் டிராஃப்டும் அவரைத் தாண்டித்தான் போகும்; அந்த ஒரு பென்சிலுக்காகவே அந்தப் பிரிவுக்காரர்கள் அவரைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் போனார்கள்.

எழுபத்திரண்டு ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை ஜி.எம். சுந்தரேசன் கூப்பிட்டனுப்பினார். டெல்லியில் நடந்த ஒரு கூட்டத்தில் வாங்கிக்கட்டிக்கொண்டு வந்தவருடைய முகம் அப்போதும் சிவந்திருந்தது.

"வேதாசலம், ஒரே சீட்ல அஞ்சு வருஷத்துக்கு மேல தேய்ச்சிண்டு உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரையும் அடிலாபாத் சைட்டுக்குத் தூக்கறேன். யாருக்கும் விதிவிலக்கு கிடையாது. மதியத்துக்குள்ள டிராஃப்ட் வேணும். கூடவே பேர் லிஸ்ட்."

"சரி சார்" என்று வெளியே வந்த வேதாசலத்துக்கு முதல் தடவையாக நோட்டின் இடது பக்கம் எழுதக் கை வரவில்லை. மெட்டுகுடாவில் வீடு. மனைவி கல்பகம் அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளுக்கு மாற்றல் என்ற பேச்சே கிடையாது. மகள் நீலா பள்ளிக்கூடப் படிப்பின் கடைசி வருஷம். அடிலாபாத் சைட் என்றால் தகரக் கொட்டகை, வாரத்துக்கு நாலு நாள் கரண்ட், மாதத்துக்கு ஒரு தடவை வீடு. ஐம்பத்திரண்டு வயசில் தனியாக ஸ்டவ்வைப் பம்ப் அடித்துக்கொண்டு கிடப்பதை நினைத்தபோது அவருக்குப் பயமாகவே இருந்தது.

இருந்தாலும் எழுதினார். வலது பக்கம் மூன்று பாரா, மூன்றும் கச்சிதம். பெயர்ப் பட்டியலும் தயாரானது: முப்பத்தொரு பேர். அகரவரிசையில் கடைசியாக அவர் பெயர். பிறகு கை அதுபாட்டுக்கு நான்காவது பாராவை எழுதியது: 'ரகசியத் தன்மை வாய்ந்த பணிகளைக் கவனிப்பவர்களுக்கு இவ்வுத்தரவு பொருந்தாது.' ஆங்கிலத்தில் அது இன்னும் அழகாக இருந்தது. தம் கையெழுத்தைத் தாமே கொஞ்ச நேரம் ரசித்தார்.

ஜலஜா படிக்க வந்தாள். செகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்த பெண்; பேச்சில் அந்த ஊர் உருது எட்டிப்பார்க்கும். சீட்டுக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, பட்டியலில் அவள் இல்லை. மூன்று பாரா ஒழுங்காகப் போயிற்று. இடது பக்கம் முடிந்தும் வலதில் நான்காவது மிச்சமிருப்பதைப் பார்த்து நின்றாள்.

"சார், இது இடது பக்கத்துல இல்லையே."

"அது நடைமுறைக்காகப் போட்டது."

"ஹவ் சார், சரிதான். ஆனா யாருக்கும் விதிவிலக்கு இல்லன்னு இங்க இருக்கே. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க, இல்லாதது வந்தா கேள்விக்குறின்னு?"

அவள் கிண்டல் செய்யவில்லை. அவர் கொடுத்த பென்சிலால், அவர் சொல்லிக்கொடுத்தபடியே, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக் கொடுத்தாள். அழிக்கலாமா என்று வேதாசலம் ரப்பரை எடுத்தார். பதினோரு வருஷமாக மற்றவர்களிடம் சண்டை பிடித்த கேள்விக்குறி அது. ரப்பரைத் திரும்ப வைத்துவிட்டார்.

சுந்தரேசன் டிராஃப்டைப் படித்தார். கேள்விக்குறியில் விரல் நின்றது.

"இது நான் சொல்லலையே?"

"இல்லை சார். யோசனையாப் போட்டது. வேண்டாம்னா அடிச்சுடறேன்."

சுந்தரேசன் பட்டியலைக் கையில் எடுத்தார். காலையில் கோபத்தில் தோன்றியதெல்லாம் இப்போது பெயர்களாக வரிசையில் நின்றது. "ரகுநாதனா? சாயங்காலம் கிளப்ல எனக்குச் சீட்டாட்டப் பார்ட்னர்" என்றார். ரகுநாதன் பார்ப்பது பர்ச்சேஸ். பர்ச்சேஸ் என்றால் டெண்டர், டெண்டர் என்றால் ரகசியம். ரகுநாதன் பாரா நான்குக்குள் போனார். யூனியன் செயலாளர் ஜேம்ஸைத் தூக்கினால் நாளைக்கே கேட்டில் கொடி; அவர் பார்க்கும் பிராவிடண்ட் ஃபண்டும் ரகசியமாயிற்று. சேர்மனுக்கு ஒன்றுவிட்ட மருமகன் ஒருவர் ஸ்டோர்ஸில் இருந்தார். ஸ்டோர்ஸில் என்ன ரகசியம் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. அரை மணியில் முப்பது பேர் அந்தப் பாராவின் நிழலில் ஒதுங்கிவிட்டார்கள்.

"பிரமாதமான பாரா வேதாசலம். ஒரு ஆபீசையே காப்பாத்திட்டீங்க" என்றார் சுந்தரேசன். அப்புறம் பட்டியலைப் பார்த்தார். முகம் சுருங்கியது. "ஆனா டெல்லிக்கு ஒருத்தரையாவது மாத்தினதாச் சொல்லணுமே."

ஒருவர்தான் பாக்கி.

"சார், என் சீட்டும் ரகசியம்தானே?" வேதாசலத்துக்குத் தம் குரலே கேட்கவில்லை.

"உங்க சீட்டா? நீங்க எழுதறது அத்தனையும் சைக்ளோஸ்டைல் ஆகி நோட்டீஸ் போர்டுல தொங்கறது. அதுக்கு முன்னாடி ஹாலே கேக்கற மாதிரி சத்தமாப் படிக்க வைக்கறீங்க. அதுல என்னய்யா ரகசியம்?" சிரித்தார். "தவிர, அங்க சைட்ல ஒரு லெட்டர் உருப்படியா எழுத ஆள் இல்லை. உங்க ஒருத்தர் பேர்ல தனி ஆர்டர் போட்டுடுங்க."

இதையும் இடது பக்கத்தில் எழுதினார் வேதாசலம், சிரிப்பு உட்பட. வலது பக்கத்தில் தம் மாற்றல் உத்தரவை எழுதினார். அதற்குள் நான்காவது பாராவின் சேதி கசிந்துவிட்டது. ரகுநாதன் வந்து கையைக் குலுக்கினார். ஜேம்ஸ் இரானி ஓட்டலிலிருந்து சமோசா வாங்கி அனுப்பினார். வந்த எரிச்சலில் வேதாசலம் ஒரு சமோசாவைக்கூடத் தொடவில்லை.

ஜலஜா இடது பக்கத்தைப் படித்தாள். அவர் விரலை ஓட்டினார். எல்லாம் பொருந்தியது. கடைசியில் அவள் படிப்பதை நிறுத்தி, குரலைத் தாழ்த்தினாள்.

"சார், எந்தத் தேதியில இந்த சீட்டை விட்டு ரிலீவ் ஆகணும்னு துரை சொல்லவே இல்லை. ரெண்டு பக்கத்துலயும் இல்லை. நான் கேள்விக்குறி போடல."

வேதாசலம் நிமிர்ந்து பார்த்தார். ரிலீவிங் தேதி இல்லாத மாற்றல் உத்தரவு எத்தனை வருஷம் பைலில் தூங்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. டெல்லிக்கு உத்தரவு நகல் போய்விடும், அவர் மெட்டுகுடாவிலிருந்தே வந்து போய்க்கொண்டிருப்பார்.

"கேக்க நக்கோ சார், வேணாம். அப்டியே குடுத்துடுங்க" என்றாள்.

அப்படியே கொண்டுபோனார். சுந்தரேசன் பேனாவைத் திறந்தார். "உங்க டிராஃப்டை நான் படிக்கணுமா என்ன!" என்று கடைசி வரிக்குக் கீழே பேனாவைக் கொண்டுபோனார். வேதாசலம் பேனாவின் முனையையே பார்த்தார். கல்பகத்தின் முகம் நினைவுக்கு வந்தது, நீலாவின் பரீட்சை வந்தது, கூடவே குறையோடு வெளியே போகப்போகிற அந்தக் காகிதமும் கண்ணை உறுத்தியது. தம் பெயரில், தாம் எழுதிய உத்தரவு, அரைகுறையாக.

"சார்" என்றார். "ரிலீவ் ஆகற தேதி விட்டுப்போச்சு."

"அட, ஆமாம்! இதுக்குத்தான் வேதாசலம் வேணுங்கறது." சுந்தரேசன் மேஜைக் காலண்டரைப் பார்த்தார். "இன்னிக்கு சாயங்காலம்னு போடுங்க."