ஒன்றரை நிமிஷத்தில் ஒரு மரம்

தம்பி சோரனின் கல்யாணத்தில் யார் வாழ்த்திப் பேசுவது என்ற கேள்வியே எழவில்லை. அக்கா மார்லிஸ்தான். ஏரிக்கரை நகரமான டுலூத்தின் பள்ளிப் பேருந்துப் பணிமனையில் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று ஓட்டுநர்களுக்கு ரேடியோவில் சொல்வது அவள் வேலை. ரேடியோவில் நாலு வார்த்தையோடு நிறுத்திக்கொள்வாள். ரேடியோவைக் கீழே வைத்துவிட்டால் அவளை நிறுத்த ஆள் கிடையாது.

ஜூன் மாதமே எழுத ஆரம்பித்து ஆகஸ்டில் பதினோரு பக்கம் சேர்த்துவிட்டாள். ஆறு கதைகள். சோரன் சானா என்னும் நீராவிக் குளியல் அறையிலிருந்து துண்டுகூட இல்லாமல் ஓடி, ஏரிக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டு விருந்துக்குள் புகுந்த கதை. உறைந்த ஏரியின் மேல் காரை நிறுத்திவிட்டு மீன் பிடிக்கப் போய், திரும்பி வந்தபோது முன்சக்கரங்கள் தண்ணீருக்குள் இருந்த கதை. பந்துருட்டுப் போட்டியில் எதிரணிக்குக் கோப்பை வாங்கிக்கொடுத்த கதை. படித்துப் பார்த்தால் பதினாலு நிமிஷம் ஓடியது. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அவளுக்கே சிரிப்பு வந்தது.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது மணப்பெண் கொலீன் பணிமனைக்கே வந்தாள். உட்காரவில்லை.

"மார்லிஸ், ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

"அப்படி ஆரம்பிச்சா கண்டிப்பா கோவிச்சுக்குவேன். சொல்லு."

"உன் பேச்சு ஒன்றரை நிமிஷம்தான் இருக்கணும்."

மார்லிஸ் சிரித்தாள். கொலீன் சிரிக்கவில்லை.

"ஒன்றரை நிமிஷத்துல நான் என் பேரச் சொல்லி முடிக்கவே மாட்டேனே கொலீன்!"

"அப்பாவுக்காகக் கேக்கிறேன்."

கொலீனின் அப்பா வெர்னுக்குப் பிப்ரவரியில் பக்கவாதம் வந்தது. கால் ஓரளவு தேறிவிட்டது, வலது கை இன்னும் தேறவில்லை. அதைவிடப் பெரிய அடி பேச்சில் விழுந்தது. புத்தி தெளிவாக இருந்தது; வார்த்தைதான் வர மறுத்தது. பிறர் பேசுவதும் கொஞ்ச நேரத்துக்குத்தான் பிடிபடும். பெயர் மேல் பெயராக வந்தாலோ, ஒரு கதையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினாலோ, எல்லாம் வெறும் சத்தமாகிவிடும் என்று பேச்சுப் பயிற்சி தருகிறவர் சொல்லியிருந்தார்.

"அப்புறம் என்ன பண்றார் தெரியுமா? மத்தவங்க சிரிக்கிறதைப் பாத்து, ஒரு நொடி தள்ளி அவரும் சிரிக்கிறார். புரிஞ்ச மாதிரி. என் கல்யாணத்தன்னிக்கு அவர் நடிக்க வேண்டாம் மார்லிஸ்."

அவள் போனபின் மார்லிஸ் பதினோரு பக்கத்தையும் மேஜைமேல் எடுத்து வைத்தாள். கோபம் வரத்தான் செய்தது. மூன்று மாத உழைப்பு. ஆனால் பிப்ரவரிக்கு முன் வெர்ன் சிரிக்கும் சிரிப்பை அவள் கேட்டிருக்கிறாள். மேஜையைத் தட்டிக்கொண்டு சிரிப்பார். 'சரி, செய்துவிட வேண்டியதுதான்' என்று பேனாவைத் திறந்தாள்.

முதலில் எல்லோரும் செய்யும் தப்பைத்தான் அவளும் செய்தாள். ஒரு கதையையும் விடாமல், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டினாள். பதினாலு நிமிஷம் நாலாயிற்று. ஆறு கதையும் இருந்தன. ஒன்றிலும் உயிர் இல்லை. துண்டு இல்லாமல் ஓடினான், கார் மூழ்கியது, கோப்பை போயிற்று. சாமான் பட்டியல் மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு வெர்ன் வீட்டுக்கே போனாள். சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"வெர்ன், கல்யாணத்துல பேசப்போறத உங்ககிட்ட முதல்ல படிச்சுக் காட்டப்போறேன். உங்களுக்குப் பிடிபடலைன்னா அது என் தப்பு. மரியாதைக்குச் சிரிச்சீங்கன்னா எழுந்து போயிடுவேன்."

வெர்ன் தலையசைத்தார். அவள் படித்தாள். முதல் கதைவரை கண்கள் அவள் முகத்தில் நின்றன. இரண்டாவதில் புதுப் பெயர்கள் இரண்டு வந்தன. கண்கள் சற்றே மங்கின. மூன்றாவதில் உதடு விரிந்து, கொலீன் சொன்ன அந்தச் சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. எழுந்து போய்விடுவேன் என்று சொன்னது மார்லிஸுக்கு நினைவு வந்தது. இருந்தாலும் முடிக்கும்வரை படித்தாள்.

"இப்ப நேரா கேக்கிறேன். இதுல எது உங்க மனசுல நிக்குது?"

வெர்ன் மேஜையைப் பார்த்தார். வாய் திறந்து மூடியது. மார்லிஸுக்குச் சும்மா இருப்பது வழக்கமில்லை. இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ம... ம... மரம்," என்றார் வெர்ன். பிறகு இடதுகை விரல்கள் இரண்டை மேஜைமேல் நடக்கவிட்டார். "நடந்துது."

ஐந்தாவது கதை! பக்கத்தை நிரப்பப் போட்டது. ஆறு வருஷத்துக்கு முன், ஊர் நாடகக்குழுவின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஆள் குறைந்ததால், தபால்காரனான சோரனை உயரத்துக்காக மரமாக நிறுத்தினார்கள். அவனுக்கு வசனம் கிடையாது. அசையக் கூடாது. ராஜா வேஷம் போட்ட, ஊரில் குழாய் ரிப்பேர் செய்கிறவருக்கு நடுமேடையில் வசனம் மறந்துபோயிற்று. அரங்கமே மூச்சை அடக்கியது. அப்போது மரம் நாலு அடி எடுத்து வைத்து, ராஜா பக்கத்தில் போய் நின்றுகொண்டது.

வீட்டுக்கு வந்ததும் மற்ற ஐந்து கதைகளின் மேலும் நீளக் கோடு இழுத்தாள். சானாவின் மேல் இழுக்கும்போது மட்டும் கை தயங்கியது.

ஒரே கதை என்று ஆனபிறகும் அது மூன்று நிமிஷம் ஓடியது. ஆரம்பத்தில் இருந்த நன்றிகள், கல்யாண மண்டபத்தின் அழகு, "பேசுறதுக்கே பயமா இருக்கு" எல்லாம் போயிற்று. 'நான் மார்லிஸ், சோரனின் அக்கா' என்ற ஒரு வரி மிஞ்சியது. நாடகத்தின் பெயர் போயிற்று. இயக்குநர் பெயர், எந்த வருஷம், அன்று எவ்வளவு பனி, எல்லாம் போயிற்று. குழாய்க்காரரின் பெயர்கூடப் போய் அவர் வெறும் ராஜா ஆனார். ஆனால் நாலு அடியை அவள் வெட்டவில்லை. மாறாக, அதை நீட்டினாள்: ஒரு அடி. இன்னொரு அடி. கதை இருப்பதே அங்கேதான் என்று அவளுக்குப் பிடிபட்டிருந்தது.

முடிவுக்கு ஒன்று வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் வெர்ன் ஒரு வார்த்தைக்குத் திணறியபோது எல்லோரும் முந்திக்கொண்டு எடுத்துக்கொடுக்க, சோரன் மட்டும் நாற்காலியை இழுத்துப்போட்டு, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இதைவிடப் பொருத்தமான முடிவு கிடைக்காது. அடுத்த ஞாயிறு அதை வெர்னிடம் படித்துக் காட்டினாள்.

அவர் முகம் இறுகியது. "வேண்டாம்." அந்த வார்த்தை திணறாமல் வந்தது. "ஆஸ்பத்திரி... வேண்டாம்."

"சரி வெர்ன். எடுத்துட்டேன்," என்று அவர் கண்ணெதிரிலேயே அந்த வரிகளைக் கோடு போட்டு அடித்தாள். அந்த இடத்துக்கு வேறு வரி எழுத நாலு நாள் பிடித்தது.

மதியம் பேருந்துகள் கிளம்புமுன் காலி வண்டி ஒன்றில் ஏறி, இருக்கைகளைப் பார்த்து நின்று சொல்லிப் பார்ப்பாள். போனில் நேரம் ஓடும். இரண்டு நிமிஷம் பத்து நொடி. ஒன்று நாற்பத்தெட்டு. கல்யாண வாரத்தில் ஒன்று முப்பதைத் தொட்டாள். கூட வேலை பார்க்கும் ரோலண்ட் வாசல் படியில் நின்று கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஜனம் சிரிக்கறதுக்கு நேரம் எங்க வச்சிருக்க? காலி சீட்டு சிரிக்காது."

அவள் அவனைத் திட்டிவிட்டு, இன்னும் இரண்டு வாக்கியத்தை எடுத்தாள். ஒன்று இருபது. தாளை மூடிவிட்டுச் சொல்ல வந்தது.

செப்டம்பர் சனிக்கிழமை, ஏரிக்கரை மண்டபத்தில் நூற்றுமுப்பது பேர். சாப்பாடு வருமுன் கொலீன் அவளுக்குத் தலையசைத்தாள். மார்லிஸ் எழுந்து, ஒலிவாங்கியை முகவாய்க்கு நெருக்கமாகப் பிடித்து, பேச்சுச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள். வெர்ன் முன்மேஜையில் இருந்தார்.

"நான் மார்லிஸ், சோரனோட அக்கா. ஒரு நாடகத்துல சோரன் மரமா நின்னான். மரத்துக்கு ஒரே ஒரு வேலை. அசையாம நிக்கணும்." சிரிப்பு எழுந்தது. அடங்கும்வரை விட்டாள். "நடுவுல ராஜாவுக்கு வசனம் மறந்துபோச்சு. யாரும் ஒண்ணும் செய்யலை. அப்பத்தான் மரம் ஒரு அடி எடுத்து வச்சுது. இன்னொரு அடி. இன்னொண்ணு. நாலாவது அடியில ராஜா பக்கத்துல வந்து நின்னுடுச்சு."

மண்டபம் வெடித்தது. மார்லிஸ் வெர்னை மட்டும் பார்த்தாள். அவர் கை மேஜையைத் தட்டியது. எல்லோரோடும் சேர்ந்து, அதே நொடியில்.

"'மரமே, உன் இடத்துக்குப் போ!'ன்னு திரைக்குப் பின்னால இருந்து கத்தினாங்க. மரம் போகலை. வசனத்தையும் எடுத்துக் குடுக்கலை. சும்மா நின்னுது. கொஞ்ச நேரத்துல ராஜாவுக்கே வசனம் வந்துடுச்சு."

அப்போது பின்மேஜையிலிருந்து சித்தப்பா கோர்டி கத்தினார்: "அந்த சானா கதையைச் சொல்லு மார்லிஸ்!"

அவர் மேஜை முழுக்கத் தட்ட ஆரம்பித்தது. "சானா! சானா!" நூற்றுமுப்பது முகங்கள் அவள் பக்கம் திரும்பின. கதை நுனிநாக்கில் நின்றது. நாலே நிமிஷம், மண்டபத்தையே சிரிப்பில் உருட்டிவிடலாம். சோரன்கூடத் தலையில் கைவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். ஆனால் வெர்ன் சத்தம் வந்த பக்கம் திரும்பியிருந்தார். கதையை எங்கே தொலைத்தோம் என்று தேடும் முகம். உதடு விரியத் தொடங்கியது.

"இல்ல கோர்டி," என்றாள் மார்லிஸ் ஒலிவாங்கியில், அமைதியாக. "இன்னிக்கு ஒரே கதைதான்."

பிறகு வெர்ன் முகம் தன் பக்கம் திரும்பும்வரை பேசாமல் நின்றாள். பேச்சில் அவள் எழுதிவைக்காத நிறுத்தம் அது ஒன்றுதான்.

"கொலீன், உனக்கும் வாய் அடைச்சுப்போற ஒரு நாள் வரும். இவன் உனக்காகப் பேசமாட்டான். பக்கத்துல வந்து நிப்பான். எல்லாரும் கிளாஸை எடுங்க. சோரனுக்கும் கொலீனுக்கும்!"

கிளாஸ்கள் உயர்ந்தன. வெர்ன் இடதுகையால் தூக்கினார். கொஞ்சம் சிந்தியது, அவர் கவனிக்கவில்லை. அவர் மருமகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மார்லிஸ் உட்கார்ந்தாள். 

"அவ்வளவுதானா? நான் இன்னும் நாற்காலியில சாயவே இல்லையே!" என்றார் கோர்டி. பரிமாறுபவர்கள் மீன் தட்டுகளோடு வந்துவிட்டார்கள்.

சாப்பாடு முடிந்து ஆட்டம் தொடங்கும் நேரத்தில், வெர்ன் ஊன்றுகோலோடு மெதுவாக நடந்து அவள் மேஜைக்கு வந்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. மார்லிஸ் தன் கேக்கைத் தள்ளிவைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"ம... மறுபடி," என்றார் வெர்ன்.

அவள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப்போட்டு, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.