பர்ஸில் ஒரு மச்சம்

குளோசப்புக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. ஒரு கல்யாணத்தில் மணமக்களை அம்போவென்று விட்டுவிட்டு மாப்பிள்ளையின் ஷூ லேஸைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் கொடுத்த நாளில் அந்தப் பெயர் உதிர்ந்து இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அவனை யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை, சாப்பிடக்கூட. ஆகவே அக்காவின் தோல் பட்டறையில் பர்ஸையும் பெல்ட்டையும் படமெடுக்க வந்து சேர்ந்தான்.

"இதுதான்டா கடைசி சான்ஸ்," என்றாள் அக்கா. "ஊரெல்லாம் கடை வெச்சிருக்கிறவங்க படம் கேட்டிருக்காங்க. படம் தேறுச்சுன்னா நீ போட்டோகிராஃபர். தேறலைன்னா கேமராவை வந்த விலைக்கு வித்துட்டு, மாமா பக்கத்துல உட்கார்ந்து ஓரத்துக்குப் பெயிண்ட் அடி."

மாமா என்றால் அக்காவின் கணவர். ஜன்னலோர மேசையில் குனிந்தபடி, வெட்டிய தோலின் ஓரத்துக்குப் பெயிண்ட் பூசுவார். காயவிடுவார். உப்புத்தாளால் தேய்ப்பார். மறுபடியும் பூசுவார். ஓரம் கண்ணாடிக் குழாய் மாதிரி உருண்டு மின்னும்வரை விடமாட்டார். நாள் முழுக்க வாயைத் திறப்பது கொட்டாவிக்கு மட்டும். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி குளோசப்புக்காகக் காலியாகக் காத்திருந்தது.

அதனால் உயிரைக் கொடுத்து எடுத்தான். விளக்கைத் தாழ இறக்கிப் பக்கவாட்டில் வைத்தான். ஓரப் பெயிண்டின் உருட்சி ஒரு மெல்லிய ஒளிக்கோடாக எழுந்தது. தையலில் நீட்டிக்கொண்டிருந்த நூல் முனைகளைக் கத்தரித்தான், தூசியை டேப் ஒட்டி எடுத்தான். பெல்ட்டின் பக்கிள்தான் மானத்தை வாங்கியது. முதல் படத்தில் அந்தப் பளபளப்பான இரும்புக்குள் ஒரு கிழிந்த பனியனும், பனியனுக்கு மேலே அவனும், அவனுக்குப் பின்னால் பாதி தின்ற பன்னும் தெரிந்தன. சுற்றிலும் வெள்ளை அட்டையால் கூடாரம் கட்டி, லென்ஸ் நுழைய மட்டும் ஓட்டை விட்டான். பக்கிள் வெள்ளையில் கரைந்துபோகாமலிருக்க இரு பக்கமும் கறுப்புத் தாள் பட்டை நிறுத்தினான். பெல்ட்டின் நடுத்துளைக்குள் பக்கிளின் முள்ளை விட்டு, அதன் நுனி சட்டத்தின் மேல் சரியாகப் படுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்தினான். பன் மறைந்தது. பக்கிள் பிறந்தது.

படங்களைப் பார்த்த, அந்தக் கடைகளுக்குச் சரக்கு வாங்கும் கொள்முதல் மேடம் குரல் பதிவு அனுப்பினாள்.

"ஓரம் பிரமாதம். தையல் பிரமாதம். பக்கிள் அள்ளுது. ஆனா தோலை மட்டும் கம்ப்யூட்டர்ல போட்டிருக்கீங்களே? அதே டிசைன் திரும்பத் திரும்ப வருது. எங்களை என்ன கேனைன்னு நினைச்சீங்களா? நிஜத் தோலைப் படமெடுத்து அனுப்புங்க."

அது நிஜத் தோல்தான். மேல்தோலைத் தேய்த்துவிட்டு, அச்சுத் தகட்டுக்கு அடியில் கொடுத்து ரேகை பதித்த தோல். தகடு ஒன்றுதான் என்பதால் சாணுக்குச் சாண் அதே ரேகை, சுவரில் ஒட்டுகிற காகிதம் மாதிரி. அவன் எடுத்ததிலேயே பொய் கலக்காத படம் அதுதான். அதைத்தான் பொய் என்றாள்.

தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது குளோசப் நிமிர்ந்து பார்த்தான். மாமா வழக்கம்போலக் குனிந்திருந்தார். ஜன்னல் வெளிச்சம் அவருடைய பிடரியில் பக்கவாட்டில் விழுந்திருந்தது. அடடா, என்ன பிடரி! வெயிலில் பழுத்த பழுப்பு. கட்டம் கட்டமாக ரேகைகள், ஒன்றைப்போல் ஒன்றில்லை. நடுவில் குறுக்கே ஓடும் ஆழமான மடிப்பு. எந்தத் தகடும் இதைப் பதித்திருக்க முடியாது.

"மாமா, அசையாதீங்க."

அவர் அசைந்ததே இல்லை என்பதால் அது சுலபமாக இருந்தது.

சாயங்காலத்துக்குள் முடிகளை ஒவ்வொன்றாக அழித்து, ரேகையை மட்டும் பிரித்து, பர்ஸின் மேல் போர்த்தி, மடிப்பு வரும் இடத்தில் வளைத்து, தையலுக்கு அடியில் அடக்கிவிட்டான். ஒரு மச்சம் இருந்தது. அழிக்கக் கை போயிற்று. இருக்கட்டும், இயற்கையாகத் தெரியும் என்று விட்டுவிட்டான். பெல்ட்டுக்கும் அதே மரியாதை. அனுப்பினான்.

"இது தோல்!" என்று கூவினாள் கொள்முதல் மேடம். "அந்தக் குறியோட, சுருக்கத்தோட... இதைத்தான் இத்தனை நாளா தேடினேன். நாளைக்குக் காலையில வீடியோல வரேன், அந்தத் தோலைக் காட்டுங்க."

அக்கா பூரித்துப்போய்ப் படத்தைத் திரையில் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். பூரிப்பு வடிந்தது.

"டேய், இந்த மச்சம் எனக்குத் தெரிஞ்ச மச்சம்டா."

"எல்லா மச்சமும் ஒரே மாதிரிதான்கா இருக்கும்."

"பத்து வருஷமா எனக்கு முதுகைக் காட்டிட்டுத் தூங்குற மனுஷனோட மச்சம்டா! எனக்கா தெரியாது? கட்டின புருஷனையே உரிச்சு பர்ஸ் தெச்சிருக்கியே, பாவி!"

மாமா எழுந்து வந்தார். திரையை உற்றுப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு," என்றார்.

"ஏங்க, நீங்க வேற! காலையில அந்தம்மாகிட்ட எதைக் காட்டுறது, உங்களையா?"

மாமா மேசைக்கு அடியிலிருந்து ஒரு சுருளை இழுத்துப் போட்டார். மாட்டின் தோள்பட்டைத் தோல். தேய்க்காதது, தகடு படாதது. கழுத்துப் பக்கம் சுருக்கம் வரிவரியாக ஓடியது. சுருக்கத்தைப் பார்த்தால் வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று அதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத்தான் அவர்கள் வெட்டுவது வழக்கம்.

காலையில் அக்கா அதை விரித்துப் பிடிக்க, குளோசப் போனில் காட்டினான்.

"நல்ல தோல்தான்," என்றாள் கொள்முதல் மேடம். "ஆனா படத்துல இருந்தது இது இல்லையே. அந்தக் குறி எங்கே?"

"அது வந்து மேடம்..." அக்கா குளோசப்பை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள். "போட்டோகிராஃபர் சொல்வார்."

லைட்டிங் என்று ஒரு சொல்லைப் போட்டு மூடிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் சரக்கு போய்ச் சேர்ந்ததும் இந்தம்மா பர்ஸ் பர்ஸாகக் குறியைத் தேடுவாள். கிடைக்காது. எல்லாம் பெட்டியோடு திரும்பி வரும், அக்கா தலையில் விடியும். அதற்குப் பக்கத்து நாற்காலியே தேவலாம்.

குளோசப் போனை மெல்லத் திருப்பினான். ஜன்னலோரம், பெயிண்டுக் கிண்ணத்தின் மேல் குனிந்திருந்த பிடரியில் நிறுத்தினான். பழக்கதோஷம், ஃபோகஸும் சரிசெய்தான்.

கொள்முதல் மேடத்தின் முகம் போன் திரையை நெருங்கி வந்தது.

"அவரைக் கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்பச் சொல்லுங்க," என்றாள்.

மாமா திரும்பினார்.

"அதேதான்," என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. பின்னால் யாரையோ கூப்பிட்டு, "இங்க வந்து பாருங்களேன்," என்றது கேட்டது. ஒருவழியாக இருமி அடங்கியதும் குரல் கறாரானது. "இந்தத் தோள்பட்டைத் தோல்ல ஒரு பர்ஸ், ஒரு பெல்ட் பண்ணுங்க. சுருக்கத்தை ஒதுக்காதீங்க. அதை அப்படியே படமெடுத்து, அந்தப் பொருளையும் கூடவே அனுப்புங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்ப்பேன். படத்துல மனுஷங்க யாரும் வேண்டாம்."

இந்த முறை குளோசப் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. விளக்கை இன்னும் தாழ்த்தி, தோலை உரசிக்கொண்டு போகும்படி வைத்தான். ஒவ்வொரு வரியும் தன் நிழலோடு எழுந்து நின்றது. பொருளும் படமும் போய்ச் சேர்ந்தன. ஆர்டர் வந்தது. கூடவே ஒரு வரி: 'ரெண்டும் ஒண்ணுபோல இருக்கு. இனிமே எல்லாப் படமும் இவரே எடுக்கட்டும்.'

அக்கா அதை வாய்விட்டுப் படித்தாள். மாமாவுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு அதன்மேல் புதுத் தோல் சுருள்களை அடுக்கினாள். பாராட்டு அவ்வளவுதான்; குளோசப்புக்கு அதுவே போதுமாக இருந்தது.

அன்று மதியம் மாமா தாமாகவே வாயைத் திறந்தார். கொட்டாவி இல்லை.

"மாப்ளே, அந்த மச்சம் இருந்த படம் இருக்கா?"

"அக்காவுக்குப் பயந்து அழிச்சுட்டேன் மாமா."

மாமா பெயிண்டில் குச்சியைத் தோய்த்தார். ஓர் ஓரம் முழுக்கப் பூசி முடித்தார்.

"ஒரு காப்பி வெச்சிருக்கலாம்," என்றார். "என் பிடரியை அதுக்கு முன்னாடி நான் பார்த்ததே இல்லை, பாரு."