அவள் பேரில் கிடந்த ஃபைல்கள்

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் மழைக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு நதிப்படுகையில் நூறு வருடத்துக்கு மழை எப்படிப் பெய்யும் என்று கணினியில் பெய்ய வைத்துப் பார்ப்பது அவள் ஆராய்ச்சி. மூன்றாவது மேஜையில் இருந்தவர் அணைக்காரர். அணையில் தண்ணீர் எப்படி ஏறும் என்பது அவருடையது. இவள் சேர்ந்த முதல் நாளிலேயே "வாம்மா தங்கச்சி" என்று நாற்காலியை இழுத்துப் போட்ட மனிதர். கூடப் பிறந்தவன் யாரும் இல்லாத பெண்ணுக்கு அந்த ஒரு வார்த்தை போதாதா? அண்ணன் என்றே வாய் நிறையக் கூப்பிட்டாள்.

அவளுடைய மழை ஒன்றரை மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. பெரிய கணினியில் அவளுக்கு ஒதுக்கிய நேரம் இந்த வாரத்தோடு சரி. அடுத்த ஒதுக்கீடு அடுத்த வருடம்தான். அதற்குள் உதவித்தொகை நின்றுவிடும். இந்த ஓட்டம் முடிந்தால் பட்டம், முடியாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு. நடுவில் வேறு வழி கிடையாது.

போன மாதம் அண்ணன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, என் அக்கவுண்ட்ல ஏதோ கோளாறு. ஒரே ஒரு நாளைக்கு உன் பாஸ்வேர்டு குடு. ஒரு சின்ன வேலை ஓட்டிட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்."

பாஸ்வேர்டு என்ன, குடையா, திருப்பிக் கொடுக்க? ஆனால் அவளுக்கு அப்போது அது உறைக்கவில்லை. ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாள்.

பிறகு ஒரு காலையில் லாகின் செய்தபோது திரையில் எச்சரிக்கை வந்தது. டிஸ்க்கில் உன் பேருக்கு ஒதுக்கிய இடத்தில் சாஃப்ட் லிமிட் நானூறு ஜிபி, அதைத் தாண்டிவிட்டாய். ஹார்டு லிமிட் ஐந்நூறு. கிரேஸ், அதாவது அவகாசம், ஏழு நாள். அவள் திரும்பி அண்ணனைக் கேட்டாள்.

"ஏழு நாள்னு போட்டிருக்கே அண்ணா, அது என்ன?"

"அட, அது சும்மா மிரட்டல்மா. சாஃப்டுன்னா பேர்லயே இருக்குல்ல? ஹார்டு லிமிட்தான் சுவர். அதுவரைக்கும் நீ பாட்டுக்கு எழுதலாம்." கொஞ்சம் யோசித்துவிட்டு அக்கறையாகச் சொன்னார்: "இடம் போதலைன்னா, செக்பாயின்ட் எதுக்கு ரெண்டு வச்சிருக்கே? ஒண்ணு போதும். அதையே மேல மேல எழுது."

செக்பாயின்ட் என்பது ஓட்டம் நடுவில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கான ஃபைல். மாற்றி மாற்றி இரண்டு வைத்திருந்தவள் ஒன்றை அழித்தாள். பழைய படங்களை அழித்தாள். அப்படியும் அளவு நானூறுக்குக் கீழே இறங்கவில்லை. அண்ணன்தான் சொல்லிவிட்டாரே என்று மழையைப் பார்க்கப் போய்விட்டாள்.

எட்டாம் நாள் காலை ஓட்டம் செத்துக் கிடந்தது. கடைசி வரியில், டிஸ்க் கோட்டா, அதாவது அவளுக்கு ஒதுக்கிய இடம், தாண்டிவிட்டது என்று இருந்தது. செக்பாயின்ட் ஃபைல் இருந்தது, ஆனால் அதன் அளவு பூஜ்யம்.

மாடியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியை எல்லோரும் சர்வர் அக்கா என்பார்கள். வாய் கொஞ்சம் காரம், மனசு அப்படியில்லை. மழைக்காரி ஓடிப்போய் அங்கே நின்றாள்.

"நான் ஹார்டு லிமிட்டைத் தொடவே இல்லையேக்கா! நானூத்தி முப்பதுலதானே இருக்கேன்?"

"ஹார்டை யாரு கேட்டா? சாஃப்டைத் தாண்டின நிமிஷத்துலயே கடிகாரம் ஓட ஆரம்பிச்சாச்சு. ஏழு நாளைக்குள்ள ஒரு தடவையாவது கீழ இறங்கியிருந்தா கடிகாரம் நின்னுருக்கும். நீ இறங்கலை. கிரேஸ் முடிஞ்சா சாஃப்ட் லிமிட்டே சுவரு. அப்புறம் மேல எவ்வளவு இடம் இருந்தாலும் ஒரு பைட் கூட எழுத விடாது."

"அப்போ பழைய செக்பாயின்ட்?"

"உன் ப்ரோக்ராம் அதே ஃபைலை எழுதறதுக்காகத் திறந்துச்சு. திறந்ததுமே பழையது காலி. அப்புறம் புதுசை எழுதப் போனா, நீ இன்னும் நானூறுக்கு மேலதான் இருக்கே, அதனால விடலை. இது தற்காலிகமா எழுதி அழிக்கிற ஸ்கிராட்ச் டிஸ்க்கும்மா, பேக்கப்பும் கிடையாது. ஆமா, ஒரே ஃபைல்ல எழுதச் சொன்ன புத்திசாலி யாரு?"

அவளுக்கு ஒரு கணக்கு மட்டும் உதைத்தது. அவளுடைய டைரக்டரியைக் கூட்டிப் பார்த்தால் நூற்று ஐம்பது ஜிபிகூட வரவில்லை. கோட்டா மட்டும் நானூற்றுச் சொச்சம் என்கிறது. மிச்சம் எங்கே?

"கோட்டா ஃபைல் எங்க இருக்குன்னு பார்க்காது. யார் பேர்ல இருக்குன்னுதான் பார்க்கும்," என்றாள் சர்வர் அக்கா. அவள் பேரில் உள்ள ஃபைல்களை டிஸ்க் முழுக்கத் தேடவிட்டாள். திரையில் வரிசையாக வந்து விழுந்தன. எல்லாம் அணை, மதகு, நீர்மட்டம். எல்லாம் அண்ணனுடைய டைரக்டரிக்குள். எல்லாவற்றுக்கும் சொந்தக்காரி இவள். ஒரு நாளைக்கு என்று வாங்கிய பாஸ்வேர்டில் மாதம் முழுக்க ஓட்டியிருக்கிறார்.

"பாஸ்வேர்டைக் குடுத்தியா?" அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "போன மாசம் அவருக்கே கிரேஸ் முடிஞ்சு இதே மாதிரி நின்னுச்சு. இதே நாற்காலியில உக்கார வச்சு நான்தான் விளக்கினேன். நோட்டெல்லாம் எடுத்தார், மனுஷன். எதையாவது அழிச்சாத்தான் ஆகும்னேன். பேருக்குக் கொஞ்சம் அழிச்சார். மிச்சத்தை அழிக்க மனசு வரலை போல."

தெரிந்தே சொல்லியிருக்கிறார். சும்மா மிரட்டல் என்றும், ஒன்று போதும் என்றும், எல்லாம் தெரிந்தே. தன் ஃபைல்களுக்கு இடம் பண்ண அவளிடமே பாஸ்வேர்டை எழுதி வாங்கி, அவள் கையாலேயே அவள் செக்பாயின்டை அழிக்க வைத்திருக்கிறார். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. தங்கச்சி என்று கூப்பிட்ட குரல்தான் காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது.

"ஃபைல் சட்டப்படி உன்னுது. டைரக்டரியையும் எல்லாருக்கும் திறந்து வச்சிருக்கார். இப்பவே அழிக்கலாம்," என்றாள் அக்கா. "அழிச்சா நீ உடனே கீழ வந்துடுவே, மறுபடி எழுதலாம்."

அழித்தால் அணைக்காரரின் மூன்று வருட உழைப்பில் பாதி போய்விடும். அவர் ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாள் நாளைக்கு. அழிக்கச் சொல்லி நாக்கு நுனி வரை வந்தது. ஒருவரின் ஓட்டம் செத்துக் கிடப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குக் காலையில்தான் தெரிந்திருந்தது.

"அழிக்க வேண்டாம்க்கா. யாரோடதோ அவர் பேருக்கே மாத்திடுங்க."

"நான் ரூட், இந்த மெஷினுக்கே எஜமானி, எனக்குக் கோட்டா குறுக்க நிக்காது. மாத்திடுவேன். ஆனா அவர் ஹார்டு லிமிட்டையே தாண்டிப் போயிடுவார். எதையாவது அழிக்கிற வரைக்கும் ஒரு எழுத்து எழுத முடியாது, தெரியும்ல?"

"அவருக்கும் தெரியும்க்கா. நோட்டு எடுத்திருக்காரே."

அக்கா எண்டரைத் தட்டினாள். அவளுடைய கோட்டா சரசரவென்று இறங்கியது. கிரேஸ் இருந்த இடம் வெறுமையானது. இனி அவள் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். எழுதுவதற்கு மழைதான் இல்லை. முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றினாள். கீழே இறங்கி வந்து, காலி செக்பாயின்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது மேஜையில் கீபோர்டு படபடவென்று அடிபடும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி அடிபட்டது. நாற்காலி நகர்ந்தது. அண்ணன் வியர்த்து வழிந்த முகத்தோடு அவள் மேஜைக்கு வந்தார். காலையிலிருந்து அவள் ஏன் பேயறைந்த மாதிரி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"தங்கச்சி, என் அக்கவுண்ட்ல மறுபடியும் ஏதோ கோளாறு. ஆய்வேட்டைச் சேவ் பண்ணவே விடமாட்டேங்குது. உன் பாஸ்வேர்டு வேலை செய்யலையே, மாத்திட்டியா? ஒரே ஒரு நாளைக்கு..."

அதே துண்டுத் தாள், நான்காக மடித்தபடி, இன்னும் அவர் கையில் இருந்தது.