வாயில் வைத்த விரல்

எண்பத்தெட்டாம் வருஷம். குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்ட மருந்தகத்தில், மஞ்சள் காமாலை கண்ட மொக்கையனுக்கு ஊசி போட்டபின் மூடியை மாட்டும்போது, நர்சு ரஹ்மத்துன்னிசாவின் விரலில் ஊசி ஏறிவிட்டது. முள் குத்தினால் செய்கிற பழக்கத்தில் விரலை வாயில் வைத்துவிட்டாள். மூடி மாட்டக்கூடாது என்று ஆயாவைத் திட்டுகிறவள் அவள்தான். கூசிப்போனாள்.

"ஜீப்பு கெளம்புது, வர்றேன் ஆத்தா" என்று மொக்கையன் எழுந்தார்.

அவர் போய்விட்டால் யாருக்கும் தெரியாது. அது ரத்தத்தில் தொற்றுகிற காமாலையா என்று சோதிக்க அவர் ரத்தமும் கிடைக்காது.

"இருங்கண்ணே" என்றவள், அடுத்த அறையிலிருந்த டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

"பிதுக்காதே. குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் கழுவு."

"வாயில வச்சுட்டேன் சார்."

"வச்சியா? நல்லா கொப்பளி. ரெண்டு பேர் ரத்தமும் மதுரைக்குப் போகணும். தடுப்பூசியும் அங்கிருந்து உடனே வரவழைக்கிறேன். ஆறு மாசத்துல மூணு ஊசி. அப்புறமும் உன் ரத்தத்தைப் பாக்கணும்."

கழுவிவிட்டு வந்து மொக்கையனிடம் விவரம் சொன்னாள். அவர் தலை குனிந்தார். "என் சீக்கு உனக்கு ஒட்டிருச்சா?"

"தப்பு என்னோடதுண்ணே. கொஞ்சம் ரத்தம் வேணும்."

அவர் சட்டைக் கையை மடக்கினார். "எடு. ஆனா உன் விரல்ல காயம் இருக்கே, ஆத்தா. டாக்டரையே எடுக்கச் சொல்லு."

அவள் நிமிராமலே டாக்டரைக் கூப்பிட்டாள்.